18,000 பக்கங்களுக்கும் டைனமிக் சர்ச் விளம்பரத்தை ஓடவிடலாமா?

"சார், எங்களுடையது பேரிங், ஆயில் சீல், வி-பெல்ட் விற்கும் இணையதளம். கிட்டத்தட்ட 18,000 பொருள் பக்கங்கள் இருக்கின்றன. பம்ப், மோட்டார் பழுது பார்க்கும் சர்வீஸ் பிரிவும் உண்டு, அதற்கு 40 பக்கம். இத்தனை பொருளுக்கும் உட்கார்ந்து கீவேர்ட் எழுத முடியாது என்று டைனமிக் சர்ச் ஆட்ஸ் போட்டு, All webpages என்று வைத்துவிட்டோம். ஒரு மாதத்தில் 1,260 கிளிக், வெறும் 9 விசாரணை. ஹெட்லைன்கள் சில அபத்தமாக வருகின்றன. நிறுத்திவிடலாமா? சர்வீஸ் பக்கங்களுக்காவது இது சரிப்படுமா? சர்ச் டெர்ம் ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்."

டைனமிக் சர்ச் ஆட்ஸை, சுருக்கமாக டிஎஸ்ஏவை, நிறுத்த வேண்டாம். All webpages என்ற அந்த ஒரு டார்கெட்டை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டும் வேறு வேறு முடிவு, அதை உங்கள் ரிப்போர்ட்டே சொல்கிறது.

ரிப்போர்ட்டில் தேடல் சொற்களைப் பார்ப்பதற்கு முன்னால் கிளிக்குகள் எந்தப் பக்கத்தில் போய் இறங்கின என்று பிரித்துப் பார்த்தேன். 510 கிளிக் உங்கள் வலைப்பதிவுக் கட்டுரைகளுக்குப் போயிருக்கிறது, அதில் ஒரு விசாரணைகூட இல்லை. 'எங்களைப் பற்றி', 'வேலைவாய்ப்பு' பக்கங்களுக்கு 140, அதிலும் ஒன்றுமில்லை. சர்வீஸ் பிரிவுக்கு 190, அதில் 2 விசாரணை. மீதி 420 தான் பொருள் பக்கங்களுக்கு, அதில் 7. அந்த 420-லும் 130 கிளிக் 'இருப்பில் இல்லை' என்று எழுதியிருக்கும் பக்கங்களுக்குப் போனவை. ஆக, கையில் சரக்கு இருக்கிற பொருள் பக்கத்துக்கு வந்தவர்கள் 290 பேர், அவர்களில் 7 பேர் விசாரித்திருக்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் 140 கிளிக்குக்கு ஒரு விசாரணை, இந்த 290-ஐ மட்டும் பார்த்தால் சுமார் 41-க்கு ஒன்று. 7 என்பது ரொம்பச் சின்ன எண், இதை வைத்துக்கொண்டு 41 என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் காசு எங்கே ஒழுகுகிறது என்று காட்ட இது போதும்.

வலைப்பதிவுக்கு ஏன் இவ்வளவு போனது என்றால், இந்த விளம்பரம் வேலை செய்யும் விதமே அப்படி. இதில் நீங்கள் கீவேர்ட் கொடுப்பதில்லை. உங்கள் தளத்தை ஏற்கெனவே கூகுள் படித்து வைத்திருக்கிறது, ஒருவர் தேடும்போது அந்தத் தேடலுக்கு உங்கள் தளத்தில் பொருந்தும் பக்கம் எது என்று அதுவே பார்க்கிறது, அந்தப் பக்கத்தின் தலைப்பு, அதில் அடிக்கடி வரும் சொற்றொடர்கள் இவற்றிலிருந்து ஹெட்லைனைக் கட்டுகிறது, கிளிக் செய்தவரை அதே பக்கத்துக்கு அனுப்புகிறது. நீங்கள் எழுதுவது 90 எழுத்துக்குள் அடங்கும் விளக்க வரிகள் மட்டும்தான். அப்படியானால் எந்தெந்தப் பக்கத்தை உள்ளே விடுகிறீர்களோ அதுதான் உங்கள் கீவேர்ட் பட்டியல். 'பேரிங் சத்தம் போடுவது ஏன்' என்று ஒரு நல்ல கட்டுரை வைத்திருக்கிறீர்கள், 'பேரிங் சத்தம் காரணம்' என்று தேடுபவருக்கு அதைவிடப் பொருத்தமான பக்கம் உங்கள் தளத்திலேயே கிடையாது. இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தேடியவர் அன்றைக்குப் பேரிங் வாங்க வரவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் கேட்டலாக் ஏன் இதற்குப் பொருத்தமானது என்று சொல்கிறேன். 18,000 பொருளுக்குக் கீவேர்ட் எழுத நேரமில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். நேரம் இருந்து எழுதினாலும் பெரும்பாலானவை ஓடாது. ஒரு பார்ட் நம்பரை மாதத்துக்கு நாலைந்து பேர்தான் தேடுவார்கள். அதைக் கீவேர்டாகப் போட்டால் சில நாளில் அதன் பக்கத்தில் Low search volume என்று ஒரு குறிப்பு வந்து நிற்கும், தேடல் கூடும்வரை அந்தக் கீவேர்ட் தூங்கும், விளம்பரம் வராது. உதிரிபாக வியாபாரத்தில் வாங்கத் தயாராக இருப்பவர் தேடுவதே இப்படிப்பட்ட எண்களைத்தான். 'பேரிங்' என்று பொதுவாகத் தேடுபவர் மாணவராக இருக்கலாம், போட்டியாளராக இருக்கலாம். '6205 2rs' என்று தட்டுபவர் கையில் தேய்ந்த பேரிங்கை வைத்துக்கொண்டு அதன் மேல் பொறித்திருப்பதைப் பார்த்துத் தட்டுகிறார். டிஎஸ்ஏவில் தூங்குவதற்குக் கீவேர்டே இல்லை. பக்கம் இருந்தால் போதும். தனித்தனியாக ஆள் குறைவு, எல்லாம் சேர்ந்தால் பெரிய கூட்டம் என்கிற மாதிரி கேட்டலாக் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு இதைவிட நல்ல வழி சர்ச் விளம்பரத்தில் அதிகம் இல்லை.

ஆனால் பக்கம் தன்னைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். அபத்தமான ஹெட்லைன் என்று நீங்கள் குறித்து அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் உங்கள் தளம் கொடுத்ததைக் கூகுள் அப்படியே திருப்பிக் கொடுத்தவை. ஆயில் சீல் பிரிவில் பத்துப் பதினைந்து பக்கத்தைத் திறந்து பார்த்தேன், எல்லாவற்றுக்கும் டைட்டில் ஒன்றேதான், கீழே முதல் வரியில் இருப்பது. பேரிங் பிரிவில் எண் மட்டும் இருக்கிறது, அளவு இல்லை. இரண்டாவது வரி மாதிரி ஒரு வார்ப்பை உங்கள் தளத்தை எழுதியவரிடம் கொடுங்கள்.

```
<title>Product Details | Home</title>
<title>6205-2RS Ball Bearing 25x52x15 mm</title>
```

எண், வகை, உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். இந்த மூன்று அளவும் உங்கள் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்தின் அடியில் அட்டவணையாகவும் காட்டுகிறீர்கள், மேலே கொண்டுவருவதுதான் பாக்கி. அளவை ஏன் டைட்டிலில் கேட்கிறேன் என்றால், பேரிங்கின் மேல் எண் அழிந்துபோனவர் அளந்து பார்த்து '25x52 பேரிங்' என்று தேடுவார், உங்கள் ரிப்போர்ட்டிலேயே அப்படித் தேடியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தின் பெரிய தலைப்பும், அதாவது எச்1-உம், டைட்டிலும் ஒரே சேதியைச் சொல்லட்டும். கம்பெனி பெயரைத் தலைப்பின் முன்னால் போடாதீர்கள், வேண்டுமென்றால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டைட்டிலை மாற்றிய மறுநாளே ஹெட்லைன் மாறாது. கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி வந்து படிக்க வேண்டும், 18,000 பக்கம் என்றால் அது ஒரே நாளில் நடக்காது. அதனால் அதிகம் விற்கிற பிரிவிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு வகை அபத்தமும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது, அதைக் கவனித்தீர்களா தெரியவில்லை. 6205 தேடியவர் 6305 பக்கத்துக்குப் போயிருக்கிறார். இரண்டுக்கும் உள்விட்டம் 25 மிமீ தான், ஆனால் 6305-இன் வெளிவிட்டம் 62, அகலம் 17. மாற்றிப் போட முடியாது. 6305 பக்கத்தில் 'இதையும் பாருங்கள்' என்று ஒரு பெட்டி வைத்து அதில் 6205, 6206, 6304 எல்லாவற்றையும் முழுப்பெயரோடு அடுக்கியிருக்கிறீர்கள், 6205-இன் சொந்தப் பக்கத்திலோ டைட்டிலில் எண்ணும் கம்பெனி பெயரும் தவிர ஒன்றுமில்லை. எது 6205-ஐப் பற்றிய பக்கம் என்று வெளியாள் எவருக்கும் குழப்பம் வரும். டைட்டில் சரியானால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராத இடத்தில் அந்தப் பெட்டியில் பெயர்களைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்து, எந்தப் பக்கங்கள் உள்ளே வரலாம் என்பது. கூகுள் தானாகப் பிரித்துத் தரும் வகைகளை வைத்தும் ஓட்டலாம், 'யூஆர்எல்லில் இந்தச் சொல் இருந்தால்' என்று விதி போட்டும் ஓட்டலாம். உங்கள் அளவுக்குப் பேஜ் ஃபீட் தான் சரி. அது ஒரு சாதாரண அட்டவணை, இரண்டே பத்தி.

```
Page URL,Custom label
https://example.com/p/6205-2rs,bearing
https://example.com/p/tc-35-52-7,oilseal
https://example.com/c/ball-bearings,category
```

இதை ஏற்றிவிட்டு, கேம்பெய்ன் அமைப்பில் டைனமிக் சர்ச் ஆட்ஸ் பகுதிக்குப் போய், பேஜ் ஃபீடில் உள்ள யூஆர்எல்களை மட்டும் பயன்படுத்து என்ற தேர்வை வையுங்கள். இந்த 'மட்டும்' முக்கியம். ஃபீடையும் கூகுளின் பட்டியலையும் சேர்த்துப் பயன்படுத்தும் தேர்வும் அங்கேயே இருக்கிறது, அதை விட்டுவைத்தால் வலைப்பதிவு பின்வாசல் வழியாக மறுபடி வந்துவிடலாம். உங்கள் தளத்தில் விலைவாரி, பிராண்ட்வாரி என்று வடிகட்டும் பக்கங்கள் வேறு நிறைய உருவாகின்றன, அவற்றில் சில '0 பொருட்கள்' என்று காட்டுகின்றன, அவையும் இதோடு ஒழியும்.

பிறகு லேபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு டைனமிக் ஆட் குரூப். ஒரே குரூப்பில் எல்லாவற்றையும் போட்டால் என்ன கெடும் என்றால், விளக்க வரி. ஹெட்லைன் பக்கத்துக்குப் பக்கம் மாறும், நீங்கள் எழுதிய விளக்கம் மாறாது. இப்போது நீங்கள் எழுதியிருப்பது 'தரமான பொருட்கள், விரைவான டெலிவரி', அது எதற்கும் பொருந்தும், எதையும் சொல்லாது. பேரிங் குரூப்புக்கு என்றால் 'எண்ணோ அளவோ கொடுத்தால் போதும், இருப்பும் விலையும் உடனே தெரியும்' என்று எழுதலாம். அதில் குறிப்பிட்ட எண், குறிப்பிட்ட விலை எதையும் எழுதிவிடாதீர்கள், அது அந்தக் குரூப்பின் எல்லாப் பொருளுக்கும் கீழே வரும். கேட்டகரி பக்கங்களைத் தனி லேபிளாகப் பிரித்ததும் இதற்காகத்தான். எண்ணைத் தேடி வருபவருக்குப் பொருள் பக்கம், 'பால் பேரிங் வகைகள்' என்று வருபவருக்குக் கேட்டகரி பக்கம். இரண்டாவது ஆள் வாங்க நாளாகும், அவருக்கான பிட், அதாவது ஒரு கிளிக்குக்கு நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகை, குறைவாக இருக்க வேண்டும்.

இருப்பில் இல்லாத பொருளுக்கு 130 கிளிக் போனதே, அதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: பக்கத்தின் உள்ளடக்கத்தில் 'இருப்பில் இல்லை' என்று இருந்தால் அந்தப் பக்கத்தை விலக்கு என்று ஒரு நெகட்டிவ் டார்கெட் போடுவது. உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். சரக்கு இருக்கிற பக்கத்திலும் அந்த வார்த்தை கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, சரக்கு தீர்ந்தால் மட்டும் காட்டுவதற்காக. போதாக்குறைக்கு 'இதையும் பாருங்கள்' பெட்டியில் வேறு ஏதோ ஒரு பொருள் தீர்ந்திருந்தால் அங்கேயும் அந்த வார்த்தை வருகிறது. விலக்கு விதி போட்டால் நல்ல பக்கங்களும் சேர்ந்து போய்விடும் அபாயம் இருக்கிறது, அது நடந்தால் எந்த எச்சரிக்கையும் வராது, இம்ப்ரெஷன் மட்டும் சரிந்துகொண்டே போகும், போட்டி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பிட்டை ஏற்றுவீர்கள். அதைவிடத் தீர்ந்த பொருளை ஃபீடிலிருந்தே எடுத்துவிடுவது சுத்தமான வழி. இருப்புக் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது, ஒவ்வொரு இரவும் இருப்புள்ளவற்றை மட்டும் எழுதி ஃபீடைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். காலையில் விற்றுத் தீர்ந்தது மாலைவரை விளம்பரத்தில் இருக்கும், அது பரவாயில்லை. மணிக்கு மணி மாறுகிற சலுகைத் தளங்களுக்கு டிஎஸ்ஏ ஒத்துவராது என்று சொல்வதே இந்த இடைவெளியால்தான். உங்களுடையது அப்படி இல்லை.

நெகட்டிவ் கீவேர்ட், அதாவது எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வரக்கூடாதோ அந்தச் சொல், இந்த விஷயத்துக்கு வருகிறேன். 'வேலை', 'சம்பளம்', 'எப்படிச் செய்வது', 'படம்', 'பிடிஎஃப்' இவற்றைப் போடுங்கள், ரிப்போர்ட்டைப் பார்த்து வாரம் ஒருமுறை சேர்த்துக்கொண்டே போங்கள். ஆங்கிலத்தில் தேடியிருந்தால் ஆங்கிலத்திலும் போட வேண்டும், ஒருமை பன்மை இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும், நெகட்டிவ் சொற்கள் எழுத்துப்பிழையைத் தவிர மற்ற நெருங்கிய வடிவங்களைச் சாதாரணக் கீவேர்ட் மாதிரி தானாகச் சேர்த்துக்கொள்ளாது. முக்கியமாக உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போடுங்கள். பொருள் பக்கத்தில் வந்த அந்த 7 விசாரணையில் 2 பேர் உங்கள் பெயரையும் சேர்த்துத் தேடி வந்தவர்கள். அவர்கள் எப்படியும் உங்களிடம்தான் வந்திருப்பார்கள், அந்தப் பெருமையை டிஎஸ்ஏ கணக்கில் எழுதினால் நீங்கள் ஏமாறுவீர்கள். பெயருக்கு வேண்டுமென்றால் தனியாக ஒரு சின்னக் கேம்பெய்ன் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள். சாதாரண கேம்பெய்னில் இருக்கிற எல்லாக் கீவேர்டையும் டிஎஸ்ஏவில் நெகட்டிவாகப் போட்டுவிடுவது. இரண்டும் மோதக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் தேடிய சொல்லும் உங்கள் எக்ஸாக்ட் கீவேர்டும் அப்படியே ஒன்றாக இருந்தால், அந்தக் கீவேர்ட் ஓடும் நிலையில் இருக்கும்வரை, கூகுள் அதற்குத்தான் முன்னுரிமை கொடுக்கும். நீங்கள் தடுக்கத் தேவையில்லை. நெகட்டிவ் போட்டுவைத்தீர்கள், அந்தக் கீவேர்ட் ஒருநாள் Low search volume ஆகித் தூங்கிவிட்டது என்றால், அங்கேயும் விளம்பரம் இல்லை, இங்கேயும் இல்லை, அந்தப் பார்ட் நம்பருக்கு நீங்கள் சந்தையிலேயே இல்லை. டிஎஸ்ஏவில் நன்றாக விசாரணை கொண்டுவரும் சொல்லை எடுத்து எக்ஸாக்ட் கீவேர்டாக்கி, அதற்குக் கையால் எழுதிய ஹெட்லைன் வைப்பது நல்ல பழக்கம், அதைச் செய்யுங்கள். ஆனால் டிஎஸ்ஏ பின்னால் வலை மாதிரி இருக்கட்டும். அந்தச் சொல்லுக்கான செலவு எங்கே போகிறது என்று பார்த்து, டிஎஸ்ஏ தொடர்ந்து அதைத் தின்கிறது என்று தெரிந்தால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நெகட்டிவ் போடலாம். சாதாரண கேம்பெய்னின் பட்ஜெட் மதியமே தீர்ந்துபோவதால்தான் பெரும்பாலும் அப்படி நடக்கும், அதனால் முதலில் அதைப் பாருங்கள்.

ஆயில் சீல் பிரிவில் ஒரு அபாயம் இருக்கிறது, ஹெட்லைனைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 'இன்ன பிராண்ட் பம்புக்குப் பொருந்தும் சீல்' என்று சில நூறு பக்கங்கள் வைத்திருக்கிறீர்கள். மனிதன் எழுதினால் 'பொருந்தும்' என்ற சொல்லை விடமாட்டான். தானாகக் கட்டும் ஹெட்லைனில் பிராண்ட் பெயரும் 'பம்ப் சீல்' என்பதும் மட்டும் வந்து, அசல் கம்பெனி சரக்கு மாதிரித் தெரியலாம். வணிகமுத்திரைக்குச் சொந்தக்காரர் புகார் கொடுத்தால் 'அது கூகுள் எழுதியது' என்று சொல்லித் தப்ப முடியாது, விளம்பரம் உங்களுடையது. இந்தப் பக்கங்களை ஃபீடில் சேர்க்காதீர்கள், இவற்றுக்கு நீங்களே ஹெட்லைன் எழுதிச் சாதாரண விளம்பரமாகப் போடுங்கள். சில நூறுதான், வார்ப்பு வைத்து எழுதிவிடலாம்.

சரி, சர்வீஸ் பக்கங்கள். 190 கிளிக்கில் 150 'எங்கள் சேவைகள்' என்ற ஒரே பக்கத்துக்குப் போயிருக்கிறது. எல்லாச் சேவையின் பெயரும் அதில் இருக்கிறது, அதனால் எந்தத் தேடலுக்கும் அது கொஞ்சம் பொருந்துகிறது, ஹெட்லைனும் 'எங்கள் சேவைகள்' என்றே வருகிறது, மோட்டார் எரிந்துபோய் நிற்பவர் அதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார்? வந்த 2 விசாரணையும் சப்மெர்சிபிள் பம்ப் ரீவைண்டிங் பக்கத்திலிருந்து வந்தவை, அந்தப் பக்கத்துக்குக் கிடைத்த கிளிக் 22 மட்டுமே. அந்தப் பக்கம் ஒரே வேலையைப் பற்றிப் பேசுகிறது, எத்தனை நாள் ஆகும், எந்தெந்த ஹெச்பி வரை எடுப்போம், யாரை அழைக்க வேண்டும் என்று சொல்கிறது. சர்வீஸ் தளத்துக்கு டிஎஸ்ஏ பொருந்துமா என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சேவைக்கும் இப்படித் தனிப் பக்கம் இருந்து, அந்தப் பக்கங்கள் ஒன்றைப் போல ஒன்று இல்லாமல், எண்ணிக்கையும் கீவேர்ட் எழுதிச் சமாளிக்க முடியாத அளவுக்கு இருந்தால் பொருந்தும். 300 படிப்பு நடத்தும் பயிற்சி நிறுவனத்துக்கு நன்றாகவே ஓடும்.

உங்கள் 40 பக்கத்தை அப்படிப் பார்த்தால், அதில் 28 பக்கம் நாலு சேவையை எடுத்து ஏழு ஊர்ப் பெயரைப் போட்டு நகல் எடுத்தவை. ஊர்ப் பெயரைத் தவிர ஒரு வரி வித்தியாசம் இல்லை. இவற்றை டிஎஸ்ஏவுக்குள் விட்டால் ஓர் ஊரிலிருந்து தேடுபவருக்கு இன்னொரு ஊர்ப் பெயரோடு ஹெட்லைன் வரும், உங்கள் ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் வந்திருக்கிறது. கேம்பெய்னில் லொகேஷன் அமைத்திருக்கிறோமே என்று நினைப்பீர்கள், அது விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்பதைத்தான் கட்டுப்படுத்தும், எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை அல்ல. 'எங்கள் சேவைகள்' பக்கத்தையும் கழித்தால் உண்மையான சேவைப் பக்கம் 11. பதினொரு பக்கத்துக்கு டிஎஸ்ஏ எதற்கு? ஒரு பக்கத்துக்குப் பத்துக் கீவேர்ட் என்று எழுதினாலும் ஒரு நாள் வேலை, ஹெட்லைன் உங்கள் கையில் இருக்கும், 'இன்றே வந்து பார்ப்போம்' என்று நீங்கள் நிறைவேற்றக்கூடிய வாக்கை அதில் எழுதலாம். அதை முதலில் ஓடவிடுங்கள். அந்த 11 பக்கத்தை மட்டும் வைத்து ஒரு சின்ன டிஎஸ்ஏ குரூப்பை, குறைந்த பட்ஜெட்டில், மக்கள் உங்கள் சேவையை எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக ஓட்டலாம். நீங்கள் 'ரீவைண்டிங்' என்று எழுதியிருக்கிறீர்கள், ரிப்போர்ட்டில் பாதிப் பேர் 'காயில் கட்டுவது' என்று தேடியிருக்கிறார்கள், இது ஏற்கெனவே கிடைத்த லாபம்.

விளம்பர வாசகத்தை வெளியிடும் முன் யாராவது பார்த்து ஒப்புதல் தர வேண்டிய தொழில்களில், அதாவது மருத்துவம், சட்டம், கடன் போன்றவற்றில், டிஎஸ்ஏவைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஹெட்லைன் தேடல் நடக்கும்போதுதான் உருவாகிறது, முன்கூட்டி முழுப் பட்டியலைக் காட்டி ஒப்புதல் வாங்க வழியில்லை.

சர்வீஸையும் பொருளையும் ஒரே கேம்பெய்னில் வைக்காதீர்கள். பொருளுக்கு விசாரணை படிவம் வழியாக வருகிறது, அதை எண்ணுகிறீர்கள். சர்வீஸ் வேண்டுபவர் படிவம் நிரப்ப மாட்டார், போனைத்தான் எடுப்பார், அந்த அழைப்புகளை நீங்கள் எங்கேயும் எண்ணவில்லை. ஆகவே சர்வீஸின் '2 விசாரணை' என்ற கணக்கையே நான் முழுதாக நம்பவில்லை. தானியங்கி பிட்டிங் எண்ணப்பட்டதை மட்டும்தான் பார்க்கும், ஒரே கேம்பெய்னில் இருந்தால் சர்வீஸ் தேடல்களுக்குப் பிட்டைத் தானாகக் குறைத்துக்கொண்டே போகும். அழைப்பு எண்ணிக்கையை முதலில் இணைத்துவிட்டுப் பிறகு சர்வீஸ் கேம்பெய்னைத் தொடங்குங்கள். பொருள் பக்கத்துக்கு இப்போதைக்கு டார்கெட் சிபிஏ, அதாவது ஒரு விசாரணைக்கு இவ்வளவு செலவு என்ற இலக்கு, எதுவும் வைக்காமல், இன்னும் கொஞ்சம் விசாரணை சேரும்வரை பட்ஜெட்டை மட்டும் கட்டுப்படுத்தி ஓட்டுங்கள், மாதம் 7 விசாரணையை வைத்து எந்த பிட்டிங்கும் பெரிதாக எதையும் கற்றுக்கொள்ளாது.

ஃபீடை மாற்றிய முதல் வாரத்தில் கிளிக் பாதிக்கு மேல் குறையும், அதைப் பார்த்துப் பயந்து All webpages-ஐத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். இருந்த 1,260-இல் 650 கிளிக் வலைப்பதிவுக்கும் வேலைவாய்ப்புக்கும் போனவைதானே. மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட்டை மறுபடி அனுப்புங்கள், இந்த முறை தேடல் சொல், ஹெட்லைன், லேண்டிங் பேஜ் மூன்று பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி எடுங்கள்; 6205 தேடியவர் 6205-க்குப் போனாரா என்பதை அதில்தான் பார்க்க முடியும்.